மிஞ்சியதை எப்போது நம்பலாம்: ஒழிபும் ‘என்றால்’ சங்கிலியும்

மேசை விளக்கு எரியவில்லை. சுவிட்சைப் போட்டாயிற்று, பிளக்கும் செருகியிருக்கிறது. ஒன்று பல்பு போயிருக்க வேண்டும், அல்லது சுவரிலுள்ள பிளக் பாயிண்டில் மின்சாரம் இல்லாமல் இருக்க வேண்டும், அல்லது விளக்கின் வயரிலோ சுவிட்சிலோ ஹோல்டரிலோ பழுது இருக்க வேண்டும். பாயிண்ட் சரியாக இருக்கிறது. பல்பும் சரியாக இருக்கிறது. அப்படியானால் பழுது விளக்குக்குள்தான்.

‘பல்பு பழுது’ என்பதை ப என்றும், ‘பாயிண்டில் மின்சாரம் இல்லை’ என்பதை ம என்றும், ‘விளக்குக்குள் பழுது’ என்பதை வ என்றும் குறித்தால் இந்த வாதத்தின் எலும்புக்கூடு இதுதான்:

```
ப ∨ ம ∨ வ
¬ம
¬ப
∴ வ
```

∨ என்பது ‘அல்லது’, ¬ என்பது ‘இல்லை’, ∴ என்பது ‘ஆகவே’. அளவையியல் பாடநூல்களில் இதற்கு உறழ்வு நியாயத்தொடை என்று பெயர். இதன் விதியை ‘மறுத்து விதித்தல்’ என்பார்கள்: மற்றவற்றை மறுத்து, எஞ்சியதை நிறுவுவது. தமிழில் இதற்கு இன்னும் பழைய பெயர் உண்டு. சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதி இதை ‘ஒழிபு’ என்று எண்ணுகிறது. மூன்றே எழுத்தில் வேலையைச் சொல்லிவிடும் அந்தச் சொல்லையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

மேலே உள்ள நான்கு வரிகளில் பிழை இல்லை. முதல் மூன்றும் உண்மையானால் நான்காவது பொய்யாக முடியாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பாயிண்ட் சரி என்பது எப்படித் தெரிந்தது? மின்சாரத்தை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. அதே பாயிண்டில் ஃபோன் சார்ஜரைச் செருகினோம், ஃபோனில் சார்ஜ் ஏறியது, அதிலிருந்து பாயிண்ட் சரி என்று முடிவு செய்தோம். அதாவது ¬ம என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் இன்னொரு முழு வாதம் ஒளிந்திருக்கிறது. அந்த வாதம் ‘என்றால்’களால் ஆனது.

மறுப்பு எங்கிருந்து வருகிறது

அந்த வாதத்தை விரித்து எழுதிப் பார்ப்போம். பாயிண்டில் மின்சாரம் இல்லை என்றால் சார்ஜருக்கு மின்சாரம் கிடைக்காது. சார்ஜருக்கு மின்சாரம் கிடைக்காது என்றால் ஃபோனில் சார்ஜ் ஏறாது. ஆகவே பாயிண்டில் மின்சாரம் இல்லை என்றால் ஃபோனில் சார்ஜ் ஏறாது.

இதுதான் நிபந்தனை நியாயத்தொடை. முதல் வாக்கியத்தின் பின்பாதியும் இரண்டாம் வாக்கியத்தின் முன்பாதியும் ஒன்றே என்பதால் இரண்டும் கொக்கி மாட்டிக்கொள்கின்றன. நடுவில் இருந்த சார்ஜர் மறைந்து, இரு முனைகள் மட்டும் நிற்கின்றன. இங்கே கவனிக்க வேண்டியது, இந்த முடிவும் ஒரு ‘என்றால்’ வாக்கியம்தான். பாயிண்டில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று அது எதுவும் சொல்லவில்லை. சங்கிலியை எவ்வளவு நீட்டினாலும் சரி, உலகத்தைப் பற்றிய ஒரு செய்தி வெளியிலிருந்து வந்து அதன் ஒரு முனையைத் தொடும் வரை அது சும்மாதான் கிடக்கும்.

இங்கே வந்த செய்தி, ஃபோனில் சார்ஜ் ஏறுகிறது என்பது. அது சங்கிலியின் கடைசி முனையை மறுக்கிறது. கடைசி முனை பொய் என்றால் அதற்கு முந்தையதும் பொய், அதற்கு முந்தையதும் பொய். மறுப்பு கண்ணி கண்ணியாகப் பின்னோக்கி ஓடி முதல் முனைக்கு வந்து சேர்கிறது. இதை ‘மறுத்து மறுத்தல்’ என்பார்கள். அப்படி வந்து சேர்ந்த மறுப்புதான் நாம் ¬ம என்று ஒற்றை வரியில் எழுதியது.

ஆக, ஒழிபும் சங்கிலியும் பாடநூலில் தனித்தனி அத்தியாயங்களில் இருந்தாலும் வேலைக்கு வரும்போது ஒரே கருவியின் இரு பாகங்கள். ஒழிபு ஒரு பட்டியலை வைத்திருக்கிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சங்கிலி இறங்கி, நம் கைக்கு எட்டும் ஒரு சோதனையில் முடிகிறது. ஒழிபு தவறிப்போகும் இடங்களைத் தேடிப் போனால் பெரும்பாலும் குற்றவாளி அந்த நான்கு வரி வடிவம் அல்ல. ஏதோ ஒரு சங்கிலியின் கண்ணி, இல்லாவிட்டால் பட்டியலின் ஓட்டை.

கண்ணி எப்படிக் கழன்றுபோகும்? சார்ஜருக்குப் பதிலாக ஒரு லேப்டாப்பைச் செருகி, அது ஓடுகிறது, ஆகவே பாயிண்டில் மின்சாரம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் வாதத்தின் வடிவம் முன்போலவேதான். ஆனால் ‘பாயிண்டில் மின்சாரம் இல்லை என்றால் லேப்டாப் ஓடாது’ என்ற கண்ணி பொய். லேப்டாப்புக்குள் பேட்டரி இருக்கிறது. சோதனை என்ற பெயரில் செய்த ஒன்று எதையுமே சோதிக்கவில்லை. ஒரு கண்ணியைச் சரிபார்க்க நான் கேட்கும் கேள்வி இது: முன்பாதி உண்மையாக இருந்து பின்பாதி மட்டும் பொய்யாகும்படி ஒரு சூழ்நிலையைக் கற்பனை செய்ய முடிகிறதா? லேப்டாப் விஷயத்தில் உடனே முடிகிறது. சார்ஜர் விஷயத்தில், சார்ஜ் ஏறும் குறி ஃபோனில் புதிதாகத் தோன்றுவதைப் பார்த்திருந்தால், அப்படி ஒரு சூழ்நிலையைக் கண்டுபிடிப்பது கடினம்.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. ஃபோனில் சார்ஜ் ஏறவில்லை என்று வைத்துக்கொள்வோம். பாயிண்டில் மின்சாரம் இல்லை என்று முடிவு கட்டலாமா? கூடாது. சங்கிலி மேலிருந்து கீழே மட்டுமே பேசுகிறது. மின்சாரம் இல்லாவிட்டால் சார்ஜ் ஏறாது என்பது, சார்ஜ் ஏறாவிட்டால் மின்சாரம் இல்லை என்று ஆகாது. சார்ஜரே கெட்டிருக்கலாம், கேபிள் அறுந்திருக்கலாம். பின்பாதியை ஏற்றுக்கொண்டு முன்பாதிக்குத் தாவும் இந்தப் போலி, ஒழிபு வாதங்களில் கண்ணுக்குத் தெரியாமல் நுழைந்துவிடும். எதிர்பார்த்த அறிகுறி கிடைத்தவுடன் மற்ற வாய்ப்புகளை விசாரிக்காமல் விட்டுவிடுகிறோம். அந்தச் சோதனை வாய்ப்பை உயிரோடு விட்டிருக்கிறது, அவ்வளவுதான், அதை நிறுவவில்லை.

‘அல்லது’ எத்தனை வகை

இப்போது பல்பு. அதைச் சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் இடையில் இருக்கும் வேறுபாட்டில்தான் இந்த விஷயத்தின் மிக நுட்பமான பகுதி இருக்கிறது.

முதல் வழி: சந்தேகத்துக்குரிய பல்பைக் கழற்றி, நன்றாக எரிந்துகொண்டிருக்கும் வேறொரு விளக்கில் போட்டுப் பார்ப்பது. இரண்டாம் வழி: நல்ல பல்பு என்று தெரிந்த ஒன்றைக் கொண்டுவந்து, எரியாத விளக்கில் போட்டுப் பார்ப்பது.

முதல் வழியின் சங்கிலி: பல்பு பழுது என்றால் நல்ல விளக்கிலும் அது எரியாது. எரிந்தது. ஆகவே பல்பு பழுதில்லை. சுத்தமான மறுப்பு.

இரண்டாம் வழியில் நல்ல பல்பைப் போட்டும் விளக்கு எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். ‘அப்போ பல்பு காரணமில்லை’ என்று சொல்லிப் பழைய பல்பை நல்லது என்ற கணக்கில் எடுத்து வைத்துவிடுவது வழக்கம். ஆனால் சங்கிலியை எழுதிப் பாருங்கள்: ‘பல்பு பழுது என்றால், நல்ல பல்பு போட்டதும் விளக்கு எரியும்’. இது உண்மையா? பல்பும் போயிருந்து வயரும் அறுந்திருந்தால் நல்ல பல்பு போட்டாலும் எரியாது. ஆகவே இந்தக் கண்ணி பொய். உண்மையாக இருக்க வேண்டுமானால் ஒரு சொல் சேர வேண்டும்: ‘பல்பு மட்டுமே பழுது என்றால்’. அப்படியானால் அந்தச் சோதனை விலக்கியது ‘பல்பு பழுது’ என்ற வாய்ப்பை அல்ல, ‘பல்பு மட்டுமே பழுது’ என்ற வாய்ப்பைத்தான்.

இந்த ‘மட்டும்’ எங்கிருந்து முளைத்தது? நாம் எழுதிய ‘அல்லது’ இரண்டும் சேர்ந்து உண்மையாவதைத் தடுக்கவில்லை. ப, ம, வ மூன்றில் குறைந்தது ஒன்று என்பதே அதன் பொருள். இரண்டோ மூன்றோ சேர்ந்தும் இருக்கலாம். பழுதுகளின் பட்டியல் எப்போதும் இப்படிப்பட்டதுதான், ஏனென்றால் ஒரு பழுது இன்னொன்றை வரவேண்டாம் என்று தடுப்பதில்லை. தளர்ந்துபோன ஹோல்டர் சூடேறி பல்பையும் சேர்த்துக் கெடுப்பதுபோல, சில நேரம் ஒன்று மற்றொன்றை அழைத்தும் வரும்.

இத்தகைய ‘அல்லது’வில் ஒன்றை மறுத்து மற்றதை நிறுவலாம். ஒன்றை நிறுவி மற்றதை மறுக்கக் கூடாது. பல்பு பழுது என்று கண்டுபிடித்தாயிற்று, ஆகவே ஹோல்டர் நன்றாக இருக்கிறது என்று சொல்ல அந்த வாதத்தில் இடமே இல்லை. புதுப் பல்பு வாங்கிப் போட்டு, அதுவும் சீக்கிரமே போன பிறகு ஹோல்டரைத் திறந்து பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்கியிருக்கிறார்கள்.

ஒன்றை நிறுவி மற்றதை மறுக்கும் உரிமை எப்போது கிடைக்கும்? இரண்டும் சேர்ந்து நடக்கவே முடியாது என்று தனியாகத் தெரிந்திருக்கும்போது. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைகளை வரிசையாகச் சொல்லும் இடத்தில் இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. அங்கே ஒழிபின் பெயர் ‘மீட்சி’. இராமன் வென்றான் என்று கேட்டவுடன் இராவணன் தோற்றான் என்று அறிவது மீட்சி என்கிறது அந்த நூல். விளக்கு உதாரணத்தோடு ஒப்பிட்டால் இதன் திசையே வேறு: ஒன்றை நிறுவி இன்னொன்றை மறுக்கிறது. இருந்தும் சரியாக இருக்கிறது, ஏனென்றால் ஒருவரை ஒருவர் எதிர்த்த போரில் இருவரும் வெல்ல முடியாது. அந்த ‘முடியாது’ என்ற செய்தி ‘அல்லது’ என்ற சொல்லுக்குள் இல்லை; போர் என்பதன் இயல்பில் இருக்கிறது. நம் வாதங்களிலும் அப்படி ஒரு செய்தி இருந்தால் அதைத் தனி வரியாக எழுதிவிடுவது நல்லது. எழுத முயலும்போதுதான் அது உண்மையிலேயே நம்மிடம் இருக்கிறதா என்று தெரியவரும்.

பட்டியலின் ஓட்டை

கிரேக்கத்தில் ஸ்டோயிக் மரபைச் சேர்ந்த கிறிசிப்பஸ், கி.மு. 3ஆம் நூற்றாண்டில், நிரூபணம் தேவைப்படாத அடிப்படை வாத வடிவங்கள் என்று ஐந்தைச் சொன்னார். ஒழிபு அவற்றில் ஒன்று. அவர் சொன்னதாகப் பிற்காலத்து செக்ஸ்டஸ் எம்பிரிகஸ் பதிவு செய்திருக்கும் நாய்க் கதை இன்றும் வகுப்பறைகளில் சொல்லப்படுகிறது. இரையைத் துரத்தி வரும் வேட்டைநாய் முச்சந்திக்கு வந்து, இரை போகாத இரண்டு வழிகளையும் மோந்து பார்க்கிறது, வாடை இல்லை. மூன்றாம் வழியை மோந்துகூடப் பார்க்காமல் பாய்ந்து ஓடுகிறது. நாய்க்கும் தர்க்கம் தெரியும் என்று அதைக் காட்டுவார்கள்.

எனக்கு அந்தக் கதையில் முக்கியமாகப் படுவது, நாய் மோந்து பார்க்காமல் ஓடியது என்பதுதான். மூன்றாம் வழிக்கு ஆதரவாக அதனிடம் நேரடியான ஒரு சான்றும் இல்லை. முழு நம்பிக்கையும் ‘மூன்று வழிகள்தான்’ என்ற பட்டியலின் மேல் நிற்கிறது. இரை ஒரு மரத்தில் ஏறியிருந்தாலோ வந்த வழியே திரும்பியிருந்தாலோ நாயின் வாத வடிவம் பிசகவில்லை, ஆனாலும் அது தவறான வழியில் ஓடிக்கொண்டிருக்கும்.

நம் விளக்கின் பட்டியலிலும் ஓட்டை இருக்கிறது. பல்பு நல்லது, ஆனால் ஹோல்டரில் சரியாகத் திருகி உட்காரவில்லை என்றால் அது எந்தப் பெட்டியில் சேரும்? பாயிண்டில் மின்சாரம் இருக்கிறது, சார்ஜரின் பிளக் இறுக்கமாகப் பொருந்துகிறது, விளக்கின் பிளக் மட்டும் தொளதொளவென்று இருந்து தொடர்பு கிடைக்கவில்லை என்றால்? பழுது பல்பிலும் இல்லை, ஹோல்டரிலும் இல்லை; அவை சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. பொருள்களின் பெயர்களை வைத்துப் பட்டியல் போட்டால் இப்படிப்பட்ட இடைவெளிகள்தான் முதலில் விடுபடும்.

இதைத் தவிர்க்க எளிய வழி, பெயர்களால் பிரிக்காமல் ‘ஆம்–இல்லை’யால் பிரிப்பது. ஹோல்டரின் முனை வரை மின்சாரம் வருகிறது, அல்லது வரவில்லை. மூன்றாவது இல்லை, பட்டியலின் முழுமைக்கு அதன் வடிவமே உத்தரவாதம். வரவில்லை என்றால் பாயிண்டின் துளையில் மின்சாரம் இருக்கிறது, அல்லது இல்லை. இருந்தால் பழுது பாயிண்டின் துளைக்கும் ஹோல்டரின் முனைக்கும் நடுவில், தொளதொள பிளக்கும் அதில் அடக்கம். ஹோல்டர் முனை வரை வருகிறது என்றால் பழுது பல்பில் அல்லது பல்பு உட்காரும் விதத்தில். இப்படி இரண்டிரண்டாகப் பிளந்துகொண்டே போனால் இடைவெளிகளும் ஏதாவது ஒரு கிளைக்குள் வந்துவிடுகின்றன. வேலை சற்றுக் கூடும், ஆனால் ‘நான் நினைக்காத நான்காவது’ என்ற பயம் குறையும்.

இன்னொரு பாதுகாப்பு, நாய் செய்யாததைச் செய்வது: எஞ்சியதையும் மோந்து பார்ப்பது. வயரில் பழுது என்று ஒழிபு சொன்னால் அதிலிருந்தும் ஒரு சங்கிலியை இறக்குங்கள். வயர் அறுந்திருக்கிறது என்றால், பிளக்கைச் சுவரிலிருந்து முழுக்கக் கழற்றிவிட்டு, பல்பையும் எடுத்துவிட்டு, விளக்கின் சுவிட்சைப் போட்ட நிலையில் மல்டிமீட்டரின் தொடர்ச்சிச் சோதனையை வைத்துப் பார்த்தால், பிளக்கின் ஒரு முனையாவது ஹோல்டரில் தனக்குரிய முனையோடு ஒலி தராது. ஒலி வராவிட்டால் அதுவே முழு நிரூபணம் ஆகிவிடாது, முன்னே சொன்ன காரணத்தால். ஆனால் இரு முனைகளும் ஒலி தந்துவிட்டால் ஒழிபின் முடிவு அந்த இடத்திலேயே விழுந்துவிடும். திரும்பிப் போய்ப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

நீளும் சங்கிலி

விளக்கின் கண்ணிகள் உறுதியானவை. அன்றாட வாதங்களில் வரும் ‘என்றால்’களோ பெரும்பாலும் ‘என்றால், பொதுவாக’ என்ற வகை. ஒவ்வொரு கண்ணியும் பத்தில் ஒன்பது முறை பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் இரண்டு கண்ணிகளுக்கு 0.9 × 0.9 = 0.81, மூன்றுக்கு 0.729, நான்குக்கு சுமார் 0.66. தனித்தனியே கேட்டால் எல்லோரும் தலையாட்டும் நான்கு வாக்கியங்கள் சேர்ந்து, மூன்றில் இரண்டு முறை மட்டுமே பிடிக்கும் ஒரு முடிவைத் தருகின்றன.

இந்தப் பெருக்கல்கூடத் தாராளமான கணக்கு. முந்தைய கண்ணிகள் எல்லாம் நடந்துவிட்ட நிலையிலும் அடுத்த கண்ணி அதே 0.9 பலத்தோடு இருக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. அப்படி இல்லாதபோது என்ன ஆகும் என்று பாருங்கள். ‘ராத்திரியில் அறை இருட்டாக இருந்தால், உள்ளே இருப்பவர் தூங்குகிறார்.’ பொதுவாகச் சரி. ‘ராத்திரியில் மின்சாரம் போனால் அறை இருட்டாகிவிடும்.’ இதுவும் சரி. கொக்கியை மாட்டினால்: ‘ராத்திரியில் மின்சாரம் போனால் உள்ளே இருப்பவர் தூங்குகிறார்.’ அபத்தம். முதல் வாக்கியம் ‘மின்சாரம் இருக்கும் சாதாரண ராத்திரியில்’ என்ற நிபந்தனையைச் சொல்லாமலே வைத்திருந்தது. இரண்டாம் வாக்கியம் வந்து அந்த நிபந்தனையையே உடைத்துவிட்டது. நடுக்கண்ணியில் ‘இருட்டு’ என்ற சொல் ஒன்றுதான். ஆனால் அது நிற்கும் சூழல் இரண்டு. விதிவிலக்கே இல்லாத ‘என்றால்’களுக்குச் சங்கிலி எப்போதும் தாங்கும். ‘பொதுவாக’ ஒட்டிக்கொண்டிருக்கும் ‘என்றால்’களில், முதல் முனை நடந்துவிட்டதாகக் கற்பனை செய்துகொண்டு, ஒவ்வொரு கண்ணியும் அப்போதும் உண்மையா என்று புதிதாகக் கேட்க வேண்டும்.

எல்லாமே விலகிவிட்டால்

சில நேரம் பட்டியலில் உள்ள எல்லாமே விலகிவிடும். பல்பு வேறு விளக்கில் எரிகிறது, பாயிண்டில் சார்ஜ் ஏறுகிறது, மீட்டர் வயர் நெடுக ஒலி தருகிறது, விளக்கு மட்டும் எரியவில்லை. குழப்பமாக இருந்தாலும் தர்க்கம் இங்கே மிகத் தெளிவாகப் பேசுகிறது: எழுதிய வரிகள் எல்லாமே ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. பட்டியல் குறையுள்ளது, அல்லது ஏதோ ஒரு ‘என்றால்’ பொய், அல்லது ஏதோ ஒரு சோதனை முடிவைத் தவறாகப் பார்த்திருக்கிறோம், அல்லது சோதனைகள் நடந்த நேரங்களுக்கு இடையில் நிலைமை மாறியிருக்கிறது. இதுவும் ஓர் ஒழிபுதான். முன்போலவே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இவற்றில் கடைசியை முதலில் பார்ப்பது என் வழக்கம், ஏனென்றால் அதற்குத்தான் குறைந்த வேலை. வயர் மடங்கும் இடத்தில் உள்ளே அறுந்திருந்தால், மேசையில் நீட்டி வைத்து மீட்டர் வைக்கும்போது முனைகள் தொட்டுக்கொண்டு ஒலி வரும். விளக்கை நிமிர்த்தி வைத்தவுடன் விலகிவிடும். ‘வயர் சரி’ என்ற வரி நீட்டி வைத்த வயருக்கு உண்மை, மடங்கிய வயருக்கு இல்லை. மீட்டரை வைத்தபடியே, வயரைப் பிளக்கின் கழுத்தருகிலும் விளக்கின் அடிப்பாகத்திலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒலி விட்டு விட்டு வந்தால் வ மறுபடி பட்டியலுக்குள் வந்துவிட்டது.